52 கதைகள் எங்கிருந்து வரும்? அனிமேஷன் தொடருக்கு ஒரு பிட்ச் டெக்

"அக்கா, நான் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். எங்கள் தெருவுக்கு வரும் குரங்குகளை வைத்துச் சிறுவர்களுக்கு ஓர் அனிமேஷன் தொடர் யோசித்து, 48 பக்கத்துக்கு டெக் செய்தேன். ஒரு சேனல்காரரிடமும் ஒரு ஸ்ட்ரீமிங் நிறுவனத்தில் இருப்பவரிடமும் காட்டினேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி, 'படங்கள் அழகாக இருக்கின்றன, ஆனால் தொடர் எது என்று தெரியவில்லை' என்றார்கள். என்ன அர்த்தம் இதற்கு? டெக்கில் எதை மாற்றட்டும்?"

தம்பி, நீங்கள் அனுப்பிய டெக்கை முழுவதும் படித்தேன். அவர்கள் சொன்னது தட்டிக்கழிக்கும் பேச்சு இல்லை, நேரான பதில்தான். முதல் ஒன்பது பக்கம் 1860-இல் இந்தியத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பன் வந்தது, கரும்புத் தோட்டம், கொள்ளுத்தாத்தா கொண்டுவந்த மந்திர விளக்கு என்று போகிறது. கதாநாயகி கமலா 14-ஆம் பக்கத்தில்தான் வருகிறாள். ஓர் அத்தியாயத்தில் என்ன நடக்கும் என்பது 41-ஆம் பக்கத்தில் வருகிறது, அதுவும் நான்கு வரியில். வாங்குகிறவர் அதுவரை படித்திருக்கமாட்டார்.

நீங்கள் செய்திருப்பது டெக் இல்லை, பைபிள். தொடர் விற்ற பிறகு கதை எழுத வருகிற எழுத்தாளர்களுக்கும் ஸ்டோரிபோர்டு வரைகிறவர்களுக்கும் கொடுக்கிற புத்தகம் அது. அதைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் கட்டாயம் தேவைப்படும். டெக் என்பது வேறு வேலைக்கு. ஒரு சேனலில் சிறுவர் நிகழ்ச்சிகளைத் தேர்வு செய்கிறவர் அதைப் படித்து முடித்ததும், தன் மேலதிகாரியிடம் போய் உங்கள் தொடரை இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். அந்தக் கூட்டத்தில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். அவர் வாயில் வைத்துக் கொடுக்கிற வாக்கியங்களைத்தான் டெக் தயார் செய்கிறது. 12 முதல் 16 பக்கம் அதற்குப் போதும்.

அந்த இரண்டு வாக்கியத்துக்குள் என்ன இருக்க வேண்டும்? உலகத்தின் வரலாறு வேண்டாம். விளக்கு எப்படி வந்தது என்பதும் வேண்டாம். 52 அத்தியாயத்துக்கான கதைகள் எங்கிருந்து வரும் என்பது இருக்க வேண்டும். இந்தத் தொழிலில் இதை எஞ்சின் என்பார்கள். ஒவ்வொரு அத்தியாயமும் எப்படித் தொடங்கும், கதாநாயகிக்கு என்ன தேவை, எது தடுக்கிறது, தோற்றால் என்ன போகும் என்ற நான்கையும் ஒரே அமைப்பு திரும்பத் திரும்பத் தர வேண்டும். உங்கள் டெக்கில் இப்போது இருக்கிற அமைப்பு இப்படி: "கமலாவும் குரங்குகளும் மந்திர விளக்கின் ரகசியத்தைத் தேடிச் சாகசங்கள் செய்கிறார்கள்." சாகசம் என்பது கதை இல்லை, கதை வரவேண்டிய இடத்தில் போட்ட வெற்றுச் சொல். அதை எடுத்துவிட்டால் அந்த வாக்கியத்தில் எதுவும் மிச்சமில்லை.

வேடிக்கை என்னவென்றால், எஞ்சின் உங்களிடமே இருக்கிறது. 33-ஆம் பக்கத்தில், பின்னணித் தகவல் போல ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: குரங்குகள் வீடுகளிலிருந்து எதையாவது தூக்கிக்கொண்டு போகும், கமலா அதை யாருக்கும் தெரியாமல் திருப்பி வைப்பாள். தொடர் அதுதான்! அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து, பக்கத்தில் ஓர் ஆபத்தையும் ஒரு கெடுவையும் வைத்துப் பார்ப்போம்:

"சாட்ஸ்வொர்த்தில் வாழும் ஒன்பது வயது கமலாவுக்கு மட்டும் குரங்குகள் பேசுவது புரியும். தெருவில் அவை தூக்கிப் போகும் ஒவ்வொரு பொருளையும் பொழுது சாய்வதற்குள் அவள் ரகசியமாகத் திருப்பி வைத்தாக வேண்டும், ஒரு முறை அகப்பட்டாலும் தெருக்காரர்கள் குரங்குக் கூட்டத்தைப் பிடித்து அனுப்பிவிடுவார்கள்."

இதைப் படித்தவுடனே வாங்குகிறவர் மனத்தில் அத்தியாயங்கள் தானாக ஓட ஆரம்பிக்கும். சாவியைத் தூக்கினால் என்ன ஆகும், பூசைத் தட்டைத் தூக்கினால் என்ன ஆகும், பள்ளித் தலைமையாசிரியரின் கண்ணாடியைத் தூக்கினால்? படிக்கிறவரே கதை சொல்லத் தொடங்குகிறார் என்றால் எஞ்சின் வேலை செய்கிறது. உங்கள் பழைய வரியைப் படித்தால் "விளக்கின் ரகசியம் என்ன?" என்ற ஒரே கேள்விதான் எழும். அதற்கு ஒரு பதில்தான் உண்டு, ஆகவே அது ஒரு திரைப்படத்துக்குத்தான் போதும்.

எஞ்சினை எழுதியபின் அதை நீங்களே உடைத்துப் பாருங்கள். எளிய சோதனை ஒன்று: பத்து அத்தியாயத்தை இரண்டு இரண்டு வரியில் எழுதுங்கள். ஐந்தாறு எழுதியதும் முதலாவதே வேறு பெயரில் திரும்பி வந்தால் எஞ்சின் மெலிந்தது. "ஊருக்குப் புதிதாக ஒருவர் வருகிறார்" என்று பாதி அத்தியாயங்கள் தொடங்கினாலும் அப்படித்தான். உங்கள் ஆட்களுக்குள்ளிருந்து கதை வராததால் வெளியிலிருந்து கடன் வாங்குகிறீர்கள் என்று அர்த்தம்.

உங்களுக்கு எஞ்சின் இப்படி வற்றாது என்று நான் நினைப்பதற்குக் காரணம் குரங்குகளே. டர்பனில் வீட்டுக்கு வருவது வெர்வெட் குரங்கு. அதன் சமூகத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்திருந்தால் பாத்திரங்கள் இன்னும் கூர்மையாக வந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் பெண் குரங்குகள் பிறந்த இடத்திலேயே தங்கிவிடும். தாயின் அந்தஸ்து மகளுக்குப் போகும். ஆண் குரங்கு வளர்ந்ததும் சொந்தக் கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்தில் போய் இடம் தேட வேண்டும். நீங்களோ நரைத்த தாடியுடன் ஓர் ஆண் ராஜாவை வைத்திருக்கிறீர்கள். இதையே உண்மைக்குப் பக்கமாக மாற்றுங்கள்: தலைவி சண்டி என்ற கிழக்குரங்கு, பட்டத்துக்குக் காத்திருக்கும் அவள் பொறுப்பில்லாத மகள், வேறு தெருவிலிருந்து வந்து இங்கே எப்படியாவது ஒட்டிக்கொள்ளப் பார்க்கும் மொண்டி என்ற இளைஞன். மொண்டி பெரிய பொருளாகத் திருடினால்தான் கூட்டம் அவனை மதிக்கும். அப்படியென்றால் திருட்டுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு மனக்காரணம் கிடைத்துவிட்டது.

பாத்திரப் பக்கங்களில் இதைத்தான் எழுத வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது: "கமலா துணிச்சலானவள், அன்பானவள், ஆர்வம் மிக்கவள்." எந்த ஊர் எந்தத் தொடரின் கதாநாயகிக்கும் இது பொருந்தும். அவளால் எதைச் செய்ய முடியாது என்று எழுதுங்கள். கமலாவுக்குப் பொய் சொல்ல வராது, ஆனால் அவள் வேலையே ரகசியம் காப்பது. அவள் பாட்டியான ஆயாவுக்கு அவள் மேல் உயிர், ஆனால் பப்பாளி மரத்தை முன்வைத்து ஆயாவுக்கும் சண்டிக்கும் தீராத பகை. பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளை அங்கிள் குரங்குகளைத் துரத்தக் கையெழுத்து வேட்டை நடத்துகிறார், ஆனால் அவர் கெட்டவர் இல்லை, அவருடைய ரொட்டி மாவைக் குரங்கு கலைத்தது உண்மைதான். ஒவ்வோர் ஆளையும் மற்றோர் ஆளுடன் கோர்த்து எழுதினால் ஒரு பக்கத்தில் நான்கு பேர் அடங்குவார்கள். உங்கள் டெக்கில் 19 பேருக்குத் தலைக்கு ஒரு பக்கம் கொடுத்திருக்கிறீர்கள். ஐந்து பேர் போதும், மீதிப் பேர் பைபிளில் இருக்கட்டும்.

அடுத்தது அத்தியாயச் சுருக்கங்கள். வாங்குகிறவர் லாக்லைன் என்கிற அந்த இரண்டு வாக்கியத்தில் ஆசைப்பட்டு, இந்தப் பக்கத்தில் முடிவு செய்வார். ஆறு அத்தியாயம் போதும், மூன்றைக் கொஞ்சம் விரித்தும் மூன்றை இரண்டே வரியிலும் எழுதலாம். நான் உங்கள் பொருளை வைத்து எழுதிப் பார்த்தேன், இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அளவுக்குப் பாருங்கள்.

"பல் செட்." ஆயா இன்று மாலை பேத்தி முறைக்காரியின் நிச்சயதார்த்தத்தில் பாட வேண்டும். கிண்ணத்தில் ஊறப் போட்ட பல் செட்டைக் காணோம். சண்டியின் குட்டிப் பேத்தி அதை வாயில் மாட்டிக்கொண்டு பல்லைக் காட்ட, அத்தனை பல்லைக் கண்டு கூட்டமே நடுங்கி அவளைத் தலைவி ஆக்கிவிட்டது. பல்லை வாங்க வேண்டுமென்றால் கமலா ஓர் ஆட்சியைக் கவிழ்க்க வேண்டும்.

"கூண்டுப் பறவை." மொண்டி பிள்ளை அங்கிளின் செல்போனைக் கொண்டுவருகிறான். மணி அடிக்கிறது. உள்ளே ஒரு பறவை மாட்டிக்கொண்டிருக்கிறது என்று குரங்குகள் நம்பிவிடுகின்றன, அதை விடுவிக்காமல் தரமாட்டோம் என்கின்றன. பிள்ளை அங்கிளோ தொலைந்த போனைத் தேடி, அந்த எண்ணுக்கு ஓயாமல் மணி அடித்துக்கொண்டே இருக்கிறார். பொய் சொல்ல வராத கமலா, பறவை பறந்துவிட்டது என்று ஒரு முழுக் கூட்டத்தை நம்பவைக்க வேண்டும்.

"நான்காவது சத்தம்." வெர்வெட் குரங்குகளுக்குச் சிறுத்தைக்கு ஒன்று, கழுகுக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று என்று தனித்தனி எச்சரிக்கைச் சத்தங்கள் உண்டு. பிள்ளை அங்கிள் வாங்கிய புதுத் தண்ணீர்க் குழாய்க்கு அப்படி ஓர் எச்சரிக்கைச் சத்தம் இல்லை, எல்லாம் நனைகின்றன. மொண்டி குழாயின் முனையைத் திருடி வந்து வீரன் ஆகிறான். அதைத் திருப்பி வைத்தால் நண்பர்கள் நனைவார்கள், வைக்காவிட்டால் ரகசியம் உடையும்.

கடைசியை ஏன் சேர்த்தேன் என்றால், எஞ்சின் தனக்கு எதிராகவே திரும்பும் அத்தியாயம் ஒன்று டெக்கில் இருக்க வேண்டும். திருப்பி வைப்பதுதான் சரி என்று பழகிய கதாநாயகிக்கு, இந்த முறை திருப்பி வைப்பதே தப்பு போலத் தோன்றுகிறது. இரண்டாவது சீசன் வரை தாங்கும் என்று வாங்குகிறவர் நம்புவது இப்படிப்பட்ட ஓர் அத்தியாயத்தைப் பார்த்துத்தான். மூன்றிலும் முடிவை நான் எழுதவில்லை என்று கவனித்திருப்பீர்கள். டெக்கில் ஒன்றிரண்டுக்காவது முடிவை எழுதிவிடுங்கள். எப்படி முடிப்பீர்கள் என்று தெரியாமல் கேள்விக்குறியோடு நிறுத்துகிற டெக்கைப் பார்த்தால், எழுதியவருக்கே தெரியவில்லை போல என்று தோன்றும்.

நம் பண்பாட்டை எங்கே வைப்பது என்ற இடத்தில் உங்கள் டெக் தடுமாறுகிறது. "கமலா காவடித் திருவிழாவைப் பற்றித் தெரிந்துகொள்கிறாள்" என்று ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறீர்கள். அது பாடம். தைப்பூசத்துக்கு முந்தின இரவு, முதன்முறை காவடி எடுக்கிற பக்கத்து வீட்டுப் பையனின் மயிலிறகுக் கட்டைக் குரங்கு தூக்கிப் போகிறது, அவன் அதைத் தன் விரதத்தில் ஏதோ குறை என்று நினைத்து அழுகிறான் என்று வைத்துப் பாருங்கள். காவடி என்றால் என்னவென்றே தெரியாத ஒரு பிரேசில் பிள்ளைக்கும் அந்தப் பையனின் பயம் புரியும். ரொட்டிக்குள் கறி வைத்த பன்னி சௌ, கரும்பு, கோயில், ஆயாவின் பேச்சு எல்லாம் கதைக்குள் அப்படியே கிடக்கட்டும், விளக்க வேண்டாம். ட்ரூரோ கப்பலுக்கு டெக்கில் ஒரு வரி போதும், அதுவும் உங்களைப் பற்றிய பக்கத்தில்: இந்தத் தெருவில் வளர்ந்தவர் நீங்கள், இந்தக் குரங்குகளிடம் மாம்பழத்தைப் பறிகொடுத்தவர் நீங்கள் என்பதற்குப் பக்கத்தில்.

சரி, சேனலுக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் ஒரே டெக்கைக் காட்டலாமா? முக்கால் பங்கு ஒன்றேதான். மாற வேண்டியவை இரண்டு இடம்.

முதலாவது, கதை தொடர்ச்சி. சேனல்காரர் சிறுவர் தொடரை வாங்கினால் வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் போடுவார், வரிசையாகவும் போடமாட்டார். 30-ஆம் அத்தியாயத்தை முதலில் பார்க்கிற பிள்ளைக்கும் அது புரிய வேண்டும். அதனால் 52 அத்தியாயம் நீளும் விளக்கு ரகசியம் அவருக்கு வசதி இல்லை, தொந்தரவு. ஸ்ட்ரீமிங்கில் அடுத்த அத்தியாயம் தானாக ஓடும், பிள்ளை வரிசையாகப் பார்க்கும், ஆகவே மெல்லிய ஒரு தொடர்கதையை அவர்கள் விரும்பக்கூடும். உங்கள் விஷயத்தில் விளக்கைச் சேனல் டெக்கில் அடியோடு எடுத்துவிடுவேன். ஸ்ட்ரீமிங் டெக்கில், கமலாவுக்குக் குரங்குப் பேச்சு எப்படிப் புரிய ஆரம்பித்தது என்ற ஒரு சிறு இழையாக, அரைப் பக்கத்தில் வைப்பேன். உண்மையைச் சொன்னால் அங்கேயும் அது தேவை என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, பணம். சேனல் பெரும்பாலும் முழுச் செலவையும் தராது. உரிமக் கட்டணம் என்று ஒரு பங்குதான் தரும், மீதியை வேறு நாட்டுச் சேனல், கூட்டுத் தயாரிப்பாளர், அரசு ஊக்கத்தொகை என்று தைத்துச் சேர்க்க வேண்டும். ஆகவே சேனல்காரருக்கான கடைசிப் பக்கத்தில், இதுவரை யார் வந்திருக்கிறார்கள், எது இன்னும் திறந்திருக்கிறது, அவரிடம் எதைக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவுக்குப் பிரான்ஸ், கனடா போன்ற நாடுகளுடன் கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தம் உண்டு. ஒப்பந்த விதிகளுக்குள் செய்கிற தொடர் இரண்டு நாட்டிலும் உள்நாட்டுத் தயாரிப்பாகக் கணக்காகும், அங்கங்கே இருக்கிற உதவியையும் கேட்கலாம். பக்கத்து ரியூனியன் தீவு பிரான்சின் பகுதி, அங்கே லெ போர்ட்டில் அனிமேஷன் தொழில் இருக்கிறது, அந்தப் பக்கமும் ஒரு கண் வையுங்கள். அரசு ஊக்கத்தொகை வேலை முடிந்தபின் திரும்பி வருகிற பணம். அதை இன்று கையில் இருக்கிற பணம் போல நிதிப் பக்கத்தில் காட்டாதீர்கள். அனுபவமுள்ளவர் அதைப் பார்த்தவுடன் மற்றக் கணக்கையும் சந்தேகிப்பார்.

ஸ்ட்ரீமிங் நிறுவனம் தானே தயாரிக்கச் சொன்னால் முழுச் செலவையும் தந்து, பெரும்பாலும் உரிமைகளையும் எடுத்துக்கொள்ளும். அல்லது குறிப்பிட்ட நாடுகளுக்கு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உரிமம் மட்டும் வாங்கும். எந்த வழியைக் கேட்கிறீர்கள் என்பது உங்கள் டெக்கின் கடைசி வரியில் தெரிய வேண்டும். "கூட்டாளிகளைத் தேடுகிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் அந்தக் கூட்டாளி, எதற்கு? பைலட் எடுக்கப் பணமா, எழுத்துப் பணிக்கு நிதியா, முன்விற்பனையா? முழு பட்ஜெட் எண்ணை டெக்கில் போட வேண்டாம். கேட்டால் கொடுக்கத் தனித் தாளில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

வடிவத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். 52 அத்தியாயம், ஒன்றுக்கு 11 நிமிடம் என்பது சிறுவர் நகைச்சுவைக்கு வழக்கமான அளவு. இரண்டு சேர்ந்தால் விளம்பரத்தோடு அரை மணி ஆகும், தனியாகவும் போடலாம். மொத்தம் 572 நிமிடம். அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டுதான் படப் பக்கத்துக்கு வர வேண்டும். வயதை "4 முதல் 14 வரை, முழுக் குடும்பத்துக்கும்" என்று போட்டிருக்கிறீர்கள். யாருக்குமில்லை என்று படிக்கப்படும். 6 முதல் 9 என்று போடுங்கள். பிள்ளைகள் தங்களைவிடக் கொஞ்சம் பெரிய பிள்ளையைப் பார்க்கத்தான் விரும்பும், ஒன்பது வயது கமலா அதற்குச் சரியாகப் பொருந்துகிறாள்.

படங்கள் அழகுதான். ஆனால் 572 நிமிடத்துக்கு அவற்றை யாராலும் அசைக்க முடியாது. ஒவ்வொரு குரங்குக்கும் முடி முடியாக வரைந்து, பின்னணியில் எண்ணெய் வண்ணம் போலத் தீட்டியிருக்கிறீர்கள். வடிவப் பக்கத்திலோ "2டி, கட்-அவுட்" என்று இருக்கிறது. கட்-அவுட் என்றால் ஒரு முறை கை, கால், தலை என்று தனித்தனியாகக் கட்டிய ரிக்கை எல்லா அத்தியாயத்திலும் அசைப்பது. படமும் முறையும் ஒன்றுக்கொன்று ஒத்துவராததை ஒரு தயாரிப்பாளர் ஐந்து நொடியில் கண்டுபிடிப்பார். தட்டையான வண்ணம், தெளிவான கோடு, கருமுகமும் நீண்ட வாலுமாகத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் உருவம் என்று மாற்றுங்கள். கூட்டத்துக்கு ஒரே அடிப்படை ரிக், காதும் வாலும் நிறமும் மட்டும் மாற்றினால் 12 குரங்கு கிடைக்கும். இடங்களும் அப்படித்தான்: தெரு, ஆயா வீடு, பிள்ளை அங்கிள் தோட்டம், பள்ளி, கோயில், குரங்குகள் இருக்கும் மரம். ஆறு இடத்தில் தொடரின் பெரும்பகுதி நடக்கும் என்று ஒரு வரி எழுதினால், இந்த ஆளுக்குத் தயாரிப்பு தெரியும் என்ற நம்பிக்கை வரும். அட்டைப் படத்தைத் தவிர மற்றப் படங்கள் போஸ்டர் போல நிற்கக் கூடாது, ஓர் அத்தியாயத்தின் நடுவிலிருந்து பிடுங்கிய காட்சி போல இருக்க வேண்டும். பல் செட் மாட்டிய குட்டியும் அதைக் கும்பிடுகிற கூட்டமும் ஒரே படத்தில் வந்தால், அந்தப் பக்கத்தில் எழுத்தே தேவைப்படாது. படத்துக்குள் கடைப் பலகை எழுத்துகளைக் குறையுங்கள், வேறு மொழிக்குப் போகும்போது ஒவ்வொன்றும் திரும்ப வரைய வேண்டிய செலவு.

ஒரு விஷயத்தை நீங்கள் யோசித்தே இருக்கமாட்டீர்கள். பிள்ளை அங்கிள் கையில் கவண் இருக்கிறது, கமலா கூரைமேல் ஓடுகிறாள், குரங்குக்கு வாழைப்பழம் ஊட்டுகிறாள். மூன்றும் சிறுவர் சேனலில் மாட்டிக்கொள்ளும். பார்க்கிற பிள்ளை வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஆபத்தை ஒவ்வொரு சேனலும் தனியாக ஆள் வைத்துச் சலிக்கும். நம் ஊரில் காட்டுக் குரங்குக்கு உணவு கொடுக்காதே என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோன விலங்குநல அமைப்புகள் வேறு உண்டு. கவணைக் குழாயாக மாற்றினேன், அதிலிருந்து ஓர் அத்தியாயமே கிடைத்தது. ஊட்டுவதற்குப் பதில், குரங்குகளோடு பேரம் பேச அவளிடம் உணவு கிடையாது, பேச்சு மட்டும்தான் என்று விதி வையுங்கள். விதி இறுகினால் நகைச்சுவை கூடும்.

உரிமை விஷயம் டெக்கில் ஒரு வரிகூட இல்லை, ஆனால் டெக் வேலை செய்தால் அடுத்த நாளே கேட்பார்கள். கமலாவின் உருவத்தை வரைந்தது உங்கள் நண்பர் என்று எழுதியிருந்தீர்கள். காசு கொடுத்து வரையச் சொன்னதால் மட்டும் அந்த ஓவியத்தின் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் பதிப்புரிமை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற, எழுத்தில், கையெழுத்தோடு ஒப்படைக்க வேண்டும். நண்பரோடு நட்பு நன்றாக இருக்கும்போதே ஒரு பக்க ஒப்பந்தம் எழுதி, ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பிற தொடர்களின் படங்களை "இந்த மாதிரி இருக்கும்" என்று மனநிலைப் பக்கத்தில் ஒட்டியிருப்பதையும் எடுத்துவிடுங்கள். பேர் மட்டும் சொன்னால் போதும், இரண்டுக்கு மேல் வேண்டாம்.

யாரிடம் காட்டுவது என்பதில் ஒன்று. பெரிய ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் முன்பின் தெரியாதவரின் கதையைத் திறந்தே பார்க்காது. நெட்ஃபிளிக்ஸ் தன் தளத்திலேயே சொல்கிறது: ஏற்கெனவே தொடர்பில் உள்ள ஏஜென்ட், தயாரிப்பாளர் போன்றோர் வழியாக வந்தால்தான் பார்ப்போம் என்று. ஆகவே உங்கள் டெக்கின் முதல் வாசகர் பெரும்பாலும் ஒரு ஸ்டூடியோ தயாரிப்பாளராகத்தான் இருப்பார். ஜூலையில் நம் ஊரிலேயே நடக்கும் டர்பன் ஃபிலிம்மார்ட், கேப்டவுன் அனிமேஷன் விழா, ஜூன் மாதம் பிரான்சின் அன்னசியில் நடக்கும் மிஃபா அனிமேஷன் சந்தை எல்லாம் அவர்களைப் பிடிக்கிற இடங்கள். தென்னாப்பிரிக்கப் பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசி போன்ற சேனல் தனக்கு என்ன வேண்டும் என்று அழைப்பு வெளியிட்டுக் கேட்கும். அந்த அழைப்பில் உள்ள வயதும் மொழியும் நேரமும் உங்கள் டெக்கின் வடிவப் பக்கத்தோடு பொருந்தாவிட்டால் அனுப்புவதே வீண். இன்னொன்று, வாங்குகிறவர்கள் வாங்குவதை நிறுத்துவதும் உண்டு. பிரைம் வீடியோ 2024 தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் சொந்தத் தயாரிப்புகளை நிறுத்தியது, கட்டணத் தொலைக்காட்சி நிறுவனமான மல்டிசாய்ஸ் 2025-இல் பிரான்சின் கனால் பிளஸ் கைக்குப் போனது. போன வருடத்துப் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு அனுப்பாதீர்கள்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்காமல் விட்டீர்கள், நானே சொல்கிறேன். சாம்பியாவைச் சேர்ந்த மலெங்கா முலெந்தெமாவின் யோசனை 2015-இல் கேப்டவுனின் ட்ரிகர்ஃபிஷ் நிறுவனம் நடத்திய கதைத் தேர்வில் வந்தது. லுசாகாவில் நான்கு பள்ளிப் பெண்களை ஓய்வுபெற்ற ரகசிய உளவாளி ஒருத்தி திரட்டி ஊரைக் காக்க அனுப்புகிறாள், அவ்வளவுதான் கதை, ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். 2019-இல் நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது, 2023-இல் 'சூப்பா டீம் 4' என்று திரைக்கு வந்தது. நடுவில் தலைப்புகூட மாறியது. லாக்லைன் இத்தனை வருடமும் வேலை செய்ய வேண்டும் என்பதால்தான் அதற்கு இவ்வளவு நேரம் எடுத்தேன்.

அனுப்புகிற பிரதியும் நேரில் காட்டுகிற பிரதியும் வேறு. அனுப்புவது நீங்கள் பக்கத்தில் இல்லாமல் புரிய வேண்டும். கிடைமட்டப் பக்கம், பிடிஎஃப், செல்போனில் திறந்தாலும் எழுத்து தெரிகிற அளவு, மின்னஞ்சலில் தடையில்லாமல் போகிற கனம், மூலையில் தேதியும் தொடர்பு எண்ணும். பாஸ்வேர்டு கேட்கிற இணைப்பு வேண்டாம். நேரில் காட்டுவதில் எழுத்தை ஏறக்குறைய எல்லாம் எடுத்துவிட்டுப் படங்களை மட்டும் வையுங்கள், நீங்கள் பேசுங்கள். சந்தைகளில் சில நிமிடம்தான் தருவார்கள், அதில் பல் செட் அத்தியாயத்தை நடித்துக் காட்டினாலே பாதி நேரம் போய்விடும், போகட்டும். வரைபடங்களை ஒலியோடு ஓடவிடுகிற ஒரு நிமிட அனிமாட்டிக் செய்ய முடிந்தால் அந்தக் காட்சியையே செய்யுங்கள், அறிமுகப் பாட்டைச் செய்யாதீர்கள்.

திருத்திய டெக்கை இப்போது எனக்கு அனுப்ப வேண்டாம். பத்து அத்தியாயங்களை இரண்டு இரண்டு வரியில், படமே இல்லாமல், நான் எழுதிய மூன்றையும் சேர்க்காமல் அனுப்புங்கள். அதில் ஏழு அத்தியாயமாவது தேறுகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசுவோம்.